பந்து விழுவது இருவருக்கு நடுவில்

வாசகர் கடிதம்

வணக்கம் டாக்டர். நான் செபராங் பிறையில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆசிரியை. இந்த வருடம் 15 வயதுக்குட்பட்ட பெண்கள் கைப்பந்து அணியைப் புதிதாகத் தொடங்கச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டு பேர். ஐந்து தமிழ்ப் பிள்ளைகள் ஒரே தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள், மற்றவர்கள் மலாய், சீனப் பிள்ளைகள். படிவம் 1 முதல் 3 வரை கலந்திருக்கிறார்கள். தொடங்கி பத்து நாள் ஆகிறது. பந்து இரண்டு பேருக்கு நடுவில் விழுகிறது, யாரும் வாய் திறப்பதில்லை. விழுந்த பிறகு "ஏன் எடுக்கல?" என்று சண்டை. பந்து விழுந்தால் எல்லோரும் திடலைச் சுற்றி ஓட வேண்டும் என்றேன், பலன் இல்லை. தமிழ்ப் பிள்ளைகள் தங்களுக்குள் தமிழில் பேசுவதுதான் காரணமோ என்று, ஆட்டத்தில் தமிழ் பேசினால் 20 சென் அபராதம் போடலாமா என யோசிக்கிறேன். பத்து பெரிங்கி கடற்கரையில் இரண்டு நாள் முகாம் வைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது, பின்னால் சாய்ந்து விழுந்தால் மற்றவர்கள் தாங்கிப் பிடிப்பது போன்ற பயிற்சிகள் செய்யலாமா? கேப்டன் நன்றாக அடிக்கிறாள், ஆனால் பேசுவதில்லை. அவளை மாற்ற வேண்டுமா? மாவட்டப் போட்டிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

பதில்

டீச்சர், முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பத்து நாளில் ஓர் அணி இப்படி இருப்பது இயல்பு. ஆனால் நீங்கள் கேட்ட மூன்று விஷயங்களில் அபராதத்தை இன்றைக்கே கைவிடுங்கள், முகாமைத் தள்ளிப்போடுங்கள், கேப்டனை இப்போது தொடாதீர்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால், இந்த மூன்று வாரத்தில் உண்மையில் செய்யவேண்டிய வேலையைப் பார்ப்போம்.

முதலில் எண்ணுங்கள்

"அணிக்குள் ஒற்றுமை இல்லை" என்று சொல்லும்போது பன்னிரண்டு பேரையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். கைப்பந்தில் பந்து அணியின் மேல் விழுவதில்லை, குறிப்பிட்ட இருவருக்கு நடுவில் விழுகிறது. அந்த இருவர் யார் என்று தெரியாமல் எந்தப் பயிற்சியும் குறி பார்க்காமல் கல் எறிவது போலத்தான்.

அடுத்த பயிற்சியில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். ஆறு பேரைக் களத்தில் நிறுத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து நீங்களோ நன்றாக சர்வ் போடும் ஒரு பிள்ளையோ 24 சர்வ் போடுங்கள். நான்கு சர்வுக்கு ஒருமுறை இடம் சுழலட்டும். அப்படியானால் ஆறு சுழற்சிக்கும் நான்கு பந்து கிடைக்கும். வெளியில் இருக்கும் ஆறு பேரும் சும்மா உட்காரக் கூடாது. இரண்டிரண்டு பேராக ஒரு தாளும் பேனாவும் கொடுங்கள். ஒவ்வொரு பந்துக்கும் மூன்றே விஷயம் எழுதினால் போதும். பந்து வலையைத் தாண்டுவதற்கு முன் யாராவது குரல் கொடுத்தார்களா, தாண்டிய பிறகா, அல்லது யாருமே இல்லையா, இது ஒன்று. பந்து தரையில் விழுந்ததா, இது இரண்டு. விழுந்திருந்தால் எந்த இரண்டு சட்டை எண்களுக்கு நடுவில் விழுந்தது, இது மூன்று.

'வலையைத் தாண்டுவதற்கு முன்' என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளி அளவில் ஒரு சர்வ் எதிர்முனையிலிருந்து கைக்கு வந்து சேர ஒன்றிலிருந்து இரண்டு வினாடி ஆகும். வலையைத் தாண்டிய பிறகு "மைன்" என்று கத்தினால், பக்கத்தில் இருப்பவள் அதற்குள் ஓர் அடி எடுத்து வைத்திருப்பாள். இருவரும் மோதுவார்கள், அல்லது இருவரும் நின்றுவிடுவார்கள். பிள்ளைகள் பேசுகிறார்கள், ஆனால் தாமதமாகப் பேசுகிறார்கள் என்பதும் நிறைய அணிகளில் நடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். தாளில்தான் வேறுபாடு தெரியும்.

சில வருடங்களுக்கு முன் பெருநிலத்தில் இன்னொரு பள்ளியில் இதே வயதுப் பெண்கள் அணியோடு வேலை செய்தேன். அங்கேயும் ஆசிரியர் சொன்ன முதல் வார்த்தை, "மொழிப் பிரச்சினை டாக்டர், தனித்தனிக் கூட்டமாக இருக்கிறார்கள்." 24 சர்வ் போட்டோம். ஒன்பது விழுந்தன. அதில் இரண்டு யாராலும் எட்ட முடியாத பந்துகள். ஒன்றில் இருவர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு மோதினார்கள். மீதி ஆறும் மௌனத்தில் விழுந்தவை. அந்த ஆறில் நான்கு, 4-ஆம் எண்ணுக்கும் 11-ஆம் எண்ணுக்கும் நடுவில். 4-ஆம் எண் படிவம் 3, 11-ஆம் எண் படிவம் 1. இருவரும் ஒரே மொழி பேசுகிறவர்கள், வீடுகூட ஒரே தாமானில்.

சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "அக்கா எடுப்பாங்கன்னு நெனச்சேன்" என்றாள். அக்காவிடம் கேட்டால், "அவ பக்கம்தான வந்துச்சு, எடுப்பான்னு விட்டேன்" என்றாள். அந்த மௌனம் மரியாதை, டீச்சர். வீட்டில் பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்த்த பிள்ளையிடம், மூத்தவளின் முன்னால் "என்னுது!" என்று தொண்டை கிழியக் கத்தச் சொல்கிறோம். அவள் தயங்கத்தான் செய்வாள். உங்கள் தாளில் இதே ஜோடி வரும் என்று சொல்லமாட்டேன். ஆனால் மொழியைக் குற்றம் சொல்வதற்கு முன் படிவத்தைப் பாருங்கள்.

யாருடைய பந்து என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்

குரல் எழாததற்கு இன்னொரு காரணம் ரொம்பச் சாதாரணமானது. யார் எடுக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கே தெரியாது. புதிய பள்ளி அணிகள் பெரும்பாலும், அடிப்பவளுக்குப் பந்தை எடுத்துக்கொடுக்கும் செட்டரை வலை அருகே விட்டுவிட்டு, முன்னால் மூவர் பின்னால் இருவர் என ஐந்து பேராக சர்வ் வாங்குகின்றன. உங்கள் அணியும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். அவர்களுக்கு இந்த மாதம் இரண்டு விதி போதும்.

ஒன்று, முன்வரிசையில் நிற்பவளின் நெஞ்சுக்கு மேல் வரும் பந்து பின்வரிசைக்கு. அவள் கையை உயர்த்தாமல் விலகி வழிவிட வேண்டும். இரண்டு, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இருவருக்கு நடுவில் வரும் பந்தை வலையைப் பார்த்து இடப்பக்கம் நிற்பவள் எடுக்க வேண்டும். செட்டர் வழக்கமாக வலையின் வலப்பக்கம் நிற்பதால், இடப்பக்கத்தவளுக்குப் பந்தும் செட்டரும் ஒரே பார்வையில் தெரியும். மற்றவள் சும்மா நிற்காமல் பின்னால் நகர்ந்து, தவறி வரும் பந்துக்குக் காவல் இருக்க வேண்டும். ஒரு ஜோடியில் இடப்பக்கத்தவளுக்குக் கை இன்னும் பழகவில்லை என்றால் அந்த ஜோடிக்கு மட்டும் விதியைத் திருப்பிப் போடுங்கள். ஆனால் அதை அந்த இருவரையே பேசி முடிவு செய்து உங்களிடம் வந்து சொல்லச் சொல்லுங்கள். தாங்களே போட்ட விதியைப் பிள்ளைகள் ஆட்டத்தின் நடுவில் மறப்பது குறைவு.

அப்புறம் வார்த்தைகள். அபராதத்துக்குப் பதில் நான் சொல்வது இதுதான். தமிழ்ப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும்போதும் காலணி கட்டும்போதும் தமிழில் பேசட்டும். அதைத் தடுத்தால் ஐந்து பேரும் இன்னும் நெருங்கி உட்காருவார்கள், மற்ற ஏழு பேர் கண்ணில் அவர்கள் குற்றவாளிகள் ஆவார்கள். ஒரு பிள்ளையின் தாய்மொழிக்கு விலை வைப்பது சரியும் இல்லை. பந்து ஆட்டத்தில் இருக்கும் அந்தச் சில வினாடிகளுக்கு மட்டும் பொதுவான சொற்கள் வேண்டும். மூன்றே சொல். நான் எடுக்கிறேன் என்பதற்கு ஒன்று, வெளியே போகிறது விடு என்பதற்கு ஒன்று, எதிரணி அடிக்காமல் எளிதாகத் தள்ளிவிட்ட பந்துக்கு ஒன்று.

பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் ஒன்றை மட்டும் கவனித்தால் போதும், சொற்கள் காதில் குழம்பக் கூடாது. 'நான் எடுக்கிறேன்' என்பதற்கு மலாயில் 'ஆக்கு' என்றும், வெளியே என்பதற்கு 'அவுட்' என்றும் வைத்துக்கொண்ட அணியைப் பார்த்திருக்கிறேன். மண்டபத்தின் தகரக் கூரையில் மழை கொட்டும்போது இரண்டும் வெறும் 'ஆ' என்றுதான் கேட்டது. 'மைன்', 'அவுட்', 'ஃப்ரீ' என்று வைத்தால் ஓசையில் மூன்றும் விலகி நிற்கும். 'அவுட்' சொல்லவேண்டியவள் பந்தை எடுக்கப் போகிறவள் அல்ல, பக்கத்தில் இருப்பவள். எடுப்பவளின் கண் பந்தில் இருக்கும், கோட்டை அவளால் பார்க்க முடியாது.

இருவர் இருவராகப் பழக்குங்கள்

பயிற்சியை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம், தொடக்கத்தில் பத்து நிமிடம், ஆறு பேர் வட்டமாக நின்று பந்தைத் தட்டிக்கொள்வார்கள். யாருக்கு அனுப்புகிறாளோ அவள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். சாதாரணமாகத் தெரியும், ஆனால் பத்து நாள் ஆகியும் சீனப் பிள்ளைகளின் முழுப்பெயரோ தமிழ்ப் பிள்ளைகளின் பெயரோ சரியாகச் சொல்ல வராதவர்கள் இருப்பார்கள். பெயர் வாயில் வராதவளைக் களத்தில் கூப்பிட முடியாது. மூன்றாவது நாள் இரண்டாவது பந்தையும் வட்டத்துக்குள் விடுங்கள். அப்போது பெயரை முன்கூட்டியே சொல்லும் பழக்கம் தானாக வரும்.

வார்ம் அப் ஜோடிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். தோழியோடுதான் நிற்பேன் என்ற பேச்சு அதிலேயே அடங்கிவிடும், நீங்கள் யாரையும் பிரித்ததாகவும் ஆகாது.

தாளில் தெரிந்த ஜோடிக்குத் தனியாகப் பத்து நிமிடம், வாரத்தில் மூன்று நாள். சர்வ் வேண்டாம், நீங்களே கையால் பந்தை அவர்கள் நடுவில் எறியுங்கள். முதல் பத்துப் பந்துக்குச் சின்னவள் மட்டுமே 'மைன்' சொல்லலாம். பெரியவள் 'யுவர்ஸ்' என்றோ 'ஒகே' என்றோ பதில் சொல்லியே ஆக வேண்டும். பதில் முக்கியம், டீச்சர். சொன்னது கேட்டுவிட்டது என்று பதில் வந்தால்தான் அடுத்த முறை அவளுக்குக் குரல் தைரியமாக எழும். அடுத்த பத்து விதிப்படி. கடைசிப் பத்து, பக்கத்துக் களத்தில் மற்றவர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போது. நான் சொன்ன அந்த 11-ஆம் எண் பிள்ளைக்கு முதல் நாள் குரலே எழவில்லை. கையை உயர்த்திக் காட்டு போதும் என்றேன். இரண்டு நாள் கையை உயர்த்தினாள், மூன்றாம் நாள் கையோடு குரலும் வந்தது. இயல்பாகவே அமைதியான பிள்ளைகளுக்கு இந்தப் படியைக் கொடுங்கள், நேரே கத்தச் சொல்லாதீர்கள்.

ஓடும் தண்டனையை நிறுத்துங்கள். அது ஏன் பலிக்கவில்லை என்று தாளே காட்டும். தண்டனைக்குப் பயந்து எல்லோரும் எல்லாப் பந்துக்கும் 'மைன்' என்பார்கள். மௌனம் குறையும், மோதல் கூடும். அதோடு, தவறவிட்ட ஒருத்திக்காகப் பதினொரு பேர் ஓடினால், ஓடி முடித்ததும் பதினொரு பேரும் அவளை முறைப்பார்கள்.

"ஏன் எடுக்கல?" என்பதற்குப் பதில்

சண்டையை வாயை அடைத்து நிறுத்த முடியாது. அந்த இடத்தில் வேறு பேச்சை வைக்க வேண்டும். நடுவர் விசில் ஊதியதும் சர்வ் போடுகிறவளுக்கு எட்டு வினாடி இருக்கிறது. அதற்கு முன்னால், புள்ளி முடிந்து பந்து திரும்பி வரும் நேரமும் இருக்கிறது. புள்ளி கிடைத்தாலும் போனாலும் ஆறு பேரும் களத்தின் நடுவில் ஒருமுறை கைதொட்டுக் கலைய வேண்டும். அங்கே ஒரு வாக்கியம் பேசலாம், அது அடுத்த பந்தைப் பற்றியதாக மட்டும் இருக்க வேண்டும். "நீ ஏன் எடுக்கல" என்பதற்கு இடமில்லை. "அடுத்தது நான் பின்னால நிக்கிறேன், முன்னால வந்தா நீ எடு" என்பதற்கு இடம் உண்டு. பயிற்சி ஆட்டத்தில் பழைய பந்தைப் பற்றி யாராவது பேசினால் நீங்கள் கோபப்படாமல் "அடுத்தது?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு வாரத்தில் பிள்ளைகளே ஒருவரையொருவர் "அடுத்தது?" என்று கேட்கத் தொடங்குவார்கள்.

அதேபோல் டைம் அவுட். ஒரு செட்டுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 30 வினாடி. நம் ஆசிரியர்கள் பலர் அந்த 30 வினாடியும் தாங்களே பேசித் தீர்த்துவிடுகிறோம். முதல் பத்து வினாடி தண்ணீர், மூச்சு. அடுத்த பத்து, களத்தில் இருந்தவர்கள் பேசட்டும், எந்த இடத்தில் பந்து விழுகிறது என்று. கடைசிப் பத்து உங்களுக்கு. ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். இதைக் கடிகாரம் வைத்துப் பயிற்சியிலேயே நான்கைந்து முறை செய்து பாருங்கள், போட்டியில் முதன்முறையாகச் செய்தால் வராது.

முகாமும் கேப்டனும்

முதலில் பிள்ளைகள் நெருங்கிவிட்டால் ஆட்டம் தானாக வரும் என்று நினைக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1994-இல் பிரையன் முல்லன், கரோலின் காப்பர் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். குழுவின் செயல்திறனோடு கூடுதலாகத் தொடர்புடையது ஒருவரையொருவர் பிடித்திருப்பது அல்ல, செய்யும் வேலையில் உள்ள ஈடுபாடு என்று கண்டார்கள். நெருக்கம் வெற்றியைத் தருவதைவிட, வேலை நன்றாக அமைவது நெருக்கத்தைத் தருவதே வலுவாகத் தெரிந்தது. நட்பு வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. விளையாட்டு அணிகளை மட்டும் எடுத்து ஆல்பர்ட் கேரனும் அவர் குழுவினரும் 2002-இல் செய்த தொகுப்பில் நட்பு சார்ந்த ஒற்றுமைக்கும் பங்கு இருந்தது. பெண்கள் அணிகளில் ஒற்றுமைக்கும் ஆட்டத்துக்கும் உள்ள தொடர்பு இன்னும் வலுவாகவே இருந்தது. ஆகவே இரண்டும் வேண்டும், ஆனால் மூன்று வாரம்தான் இருக்கும்போது எதில் நேரத்தைப் போடுவது என்பதே கேள்வி.

கண்ணைக் கட்டி நடக்கும் பிள்ளை ஒரு தோழியின் கையைப் பிடித்து நடக்கக் கற்றுக்கொள்கிறாள். அது சர்வ் வாங்கும் இடத்துக்கு வந்து சேராது. சாய்ந்து விழும் விளையாட்டில் எனக்கு வேறு பயமும் உண்டு. ஒரு முகாமில், பிடிக்கவேண்டியவர்கள் ஒரு கணம் சிரித்துவிட்டார்கள். விழுந்த பெண்ணின் மணிக்கட்டு விலகி, அந்தப் பருவம் முழுக்க அவள் ஆடவில்லை. அதைவிட, அதற்குப் பிறகு அந்த நான்கு பேரோடு அவள் பேசவே இல்லை. கடற்கரையில் கண்கட்டு விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

வெளியில் இரவு தங்கும் பயணத்துக்குப் பள்ளி முதல்வரின் ஒப்புதல், பெற்றோரின் எழுத்துச் சம்மதம், கல்வி அலுவலக நடைமுறை எல்லாம் வேண்டும். அந்த அலைச்சலைப் போட்டிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு ஒரு சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து சாப்பிடட்டும். எல்லோருக்கும் ஏற்ற உணவாகப் பார்த்து, சாமான் வாங்குவது, பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது என மூன்று வேலையையும் சீட்டுக் குலுக்கிப் பிரித்துவிடுங்கள். ஒருத்தி தண்ணீர் பிடிக்க, இன்னொருத்தி தட்டைத் துடைக்கும்போது வரும் பேச்சு, நாம் 'அறிமுகம் செய்துகொள்ளுங்கள்' என்றால் வராது.

கேப்டனைப் பொறுத்தவரை, நீங்கள் இரண்டு வேலையை ஒருத்தியின் தலையில் வைத்திருக்கிறீர்கள். விதிப்படி களத்தில் நடுவரிடம் பேசும் உரிமை ஆட்டக் கேப்டனுக்கு மட்டுமே. அதற்குப் பதற்றமில்லாத பிள்ளை வேண்டும், உங்கள் பிள்ளை அதற்குப் பொருத்தமாகவே இருக்கலாம். களத்துக்குள் யார் எங்கே நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு சர்வுக்கு முன்பும் சொல்லும் வேலை வேறு. அதைச் செட்டரிடம் கொடுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டாவது பந்து அவளிடம்தான் போகிறது, எல்லோரும் அவளைத்தான் பார்க்கிறார்கள். பத்து நாளில் கேப்டனை மாற்றினால், ஏற்கெனவே பழி தேடும் அணிக்கு நீங்களே ஒரு பெயரை எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும். போட்டி முடிந்த பிறகு அவளோடு உட்கார்ந்து, தொடர விருப்பமா என்று கேளுங்கள்.

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் சண்டை கூடலாம். குழுக்கள் உருவாகி, மோதி, ஒழுங்குபட்டு, பிறகு செயல்படும் என்று புரூஸ் டக்மன் 1965-இல் எழுதியதைப் பயிற்சிப் பட்டறைகளில் கேட்டிருப்பீர்கள். அவர் தொகுத்த ஆய்வுகள் பெரும்பாலும் சிகிச்சைக் குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றியவை, பள்ளி அணிகளைப் பற்றியவை அல்ல. அதனால் அதை நாள்காட்டிபோல வைத்துக்கொண்டு 'இந்த வாரம் மோதல் வாரம்' என்று விட்டுவிடாதீர்கள். யார் ஆடுவது, யார் வெளியே உட்காருவது என்ற சண்டை வந்தால், அணித் தேர்வை எப்படிச் செய்தீர்கள் என்று பன்னிரண்டு பேர் முன்னாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேலி செய்வது, ஒதுக்குவது, நிறத்தையோ இனத்தையோ சொல்லித் திட்டுவது நடந்தால் அது அணிப் பயிற்சிக்குள் அடங்காது. உடனே பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் கொண்டுபோங்கள்.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது

பத்து நாள் கழித்து அதே 24 சர்வை, முடிந்தால் அதே ஆள் போட, மீண்டும் எண்ணுங்கள். அன்றைக்கு நான் சொன்ன அணியில் மௌனத்தில் விழுந்த பந்து ஆறிலிருந்து இரண்டானது. 4, 11 ஜோடிக்கு நடுவில் ஒன்றுகூட விழவில்லை. ஆனால் மொத்தமாக விழுந்தவை ஒன்பதிலிருந்து ஏழுதான் ஆயின. ஆசிரியருக்கு ஏமாற்றம். தாளைப் பார்த்தால் விஷயம் புரிந்தது. குரல் சரியான நேரத்தில் எழுந்த பந்துகளே கையில் பட்டுத் தெறித்து விழுந்திருந்தன. அது பேச்சுக் குறை அல்ல, முன்கையில் பந்து வாங்கும் முறையின் குறை. முழங்கையை மடக்குகிறார்கள், கால் நகராமல் கையை மட்டும் நீட்டுகிறார்கள். அதற்கு என் போன்ற ஆள் தேவையில்லை, ஒரு கைப்பந்துப் பயிற்றுநர் வேண்டும்.

உங்கள் இரண்டாவது தாளிலும் அப்படி வந்தால், மீதி நாட்களில் ஜோடிப் பயிற்சியைப் பத்து நிமிடத்திலிருந்து ஐந்தாகக் குறைத்துவிட்டு, மிச்ச நேரத்தை முன்கைப் பயிற்சிக்குக் கொடுங்கள். மௌனம் இன்னும் குறையவில்லை என்றால் இரண்டு தாளையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், சட்டை எண்ணும் படிவமும் இருந்தால் போதும். போட்டியன்று வெளியில் உட்காரும் ஆறு பேரிடமும் அதே தாளைக் கொடுத்து வையுங்கள். முதல் டைம் அவுட்டில், எந்த இருவருக்கு நடுவில் பந்து விழுகிறது என்பதை அவர்களில் ஒருத்தி சொல்லட்டும்.